ஒரு உருண்டையில் எத்தனை கிராம்

வளைகுடா வேலையை விட்டுவிட்டு வந்த என் கணவர், மார்த்தாண்டத்தில் ஜிம்முக்குப் போகத் தொடங்கினார். தொப்பையைக் குறைக்க வேண்டும், உடம்பை முறுக்க வேண்டும் என்று ஆசை. நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்தேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒருநாள் செல்போனோடு அடுக்களைக்குள் வந்து நின்றார்.

"இஞ்ச பாரு, புரோட்டீன் உருண்டை. ஈச்சம்பழம், கடலை, அண்டிப்பருப்பு, வித்துகள். ஒண்ணுல பத்து கிராம் புரோட்டீன் உண்டும். ஆறு தின்னா அறுபது. பொறவு முட்டையும் வேண்டாம், மீனும் வேண்டாம்."

செய்ய வேண்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

கடலையை வறுத்துத் தொலி உரித்து, அண்டிப்பருப்பு என்கிற முந்திரியையும் எள்ளையும் பூசணி வித்தையும் தனித்தனியாக வறுத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி எடுக்க வேண்டும். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். அதுகூடப் பரவாயில்லை. கொட்டை நீக்கிய ஈச்சம்பழத்தைப் போட்டதும் பிளேடு சிக்கிக்கொண்டு நின்றுவிடும். மிக்ஸி சூடாகி ஒரு நாற்றம் வரும். அது ஆறும்வரை காத்திருந்து, கரண்டிக் காம்பால் குத்திக் கிளறி, கையில் எண்ணெய் தடவி முப்பது உருண்டை பிடிப்பேன். ஐந்தே நாளில் டப்பா காலியாகும். மறுபடியும் மிக்ஸி.

ஒரு மாதம் கழித்து எடை பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"நீ கறியில அரைச்சு ஊத்துத தேங்காதான் காரணம்" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. அவர் மீன் கறியைத் தொட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த தடவை செய்யும்போது தராசை எடுத்து வைத்தேன். கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசு. ஈச்சம்பழம் முந்நூறு கிராம், கடலை நூற்றைம்பது, அண்டிப்பருப்பு நூறு, பூசணி வித்தும் எள்ளும் ஐம்பது ஐம்பது. பாக்கெட்டுகளின் முதுகில் நூறு கிராமுக்கு எவ்வளவு என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பெருக்கினேன். கடலையில் முப்பத்தெட்டு கிராம் புரோட்டீன், அண்டிப்பருப்பில் பதினெட்டு, பூசணி வித்தில் பதினைந்து, எள்ளில் ஒன்பது. எடையில் கிட்டத்தட்ட பாதியை அடைத்துக்கொண்டிருந்த ஈச்சம்பழத்தில் வெறும் ஏழு. மொத்தம் எண்பத்தேழு. முப்பதால் வகுத்தால் ஒரு உருண்டைக்கு மூன்று கிராம்கூட முழுசாக இல்லை. கலோரியோ தொண்ணூற்றைந்துக்குப் பக்கம்.

அவரைக் கூப்பிட்டேன். "ஆறு தின்னா உங்களுக்குக் கிடைக்குதது பதினேழு, பதினெட்டு கிராம். அறுபது ஒண்ணுமில்ல. மூணு முட்டை தின்னா அது கிடைச்சிரும், இதுல பாதி கலோரிகூட ஏறாது."

"உனக்க கணக்கு தப்பு. வீடியோல பத்துன்னு போட்டிருக்கான்."

"அந்த வீடியோவ எடுங்க."

எடுத்தார். முழுசாகப் பார்த்தோம். நடுவில் அந்த ஆள் ஒரு டப்பாவைத் திறந்து புரோட்டீன் பவுடரைக் கரண்டி கரண்டியாகக் கொட்டினான்.

"இந்தப் பவுடர் எங்க?" என்று கேட்டேன்.

"அது கெமிக்கல். நமக்கு வேண்டாம்னு விட்டுட்டேன்."

பவுடரை விட்டுவிட்டு அதன் பத்து கிராமை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் என்னை அரைக்க வைத்திருக்கிறார்! நான் கையைக் கழுவினேன்.

"அப்போ உருண்டையப் பெரிசாப் பிடி" என்றார். "பெரிசாப் பிடிச்சா பத்து வராதா?"

வரும். அந்த மாவு முழுவதையும் ஒன்பதாகப் பிடித்து வைத்தேன். ஒவ்வொன்றும் கோழிமுட்டையைவிடப் பெரிசு. "இதுல பத்துக்குக் கிட்ட இருக்கு. கலோரி முந்நூறுக்கு மேல. ஆறு தின்னா சோறே வேண்டாம். தின்னுங்க" என்று தட்டை நீட்டினேன். ஒன்றைத் தின்றார். இரண்டாவதைப் பாதி கடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மறுநாள் காலை அவரே கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தார். மத்தியானம் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், தேங்காய் அரைத்துத்தான். இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார். மீதி உருண்டைகளைப் பிட்டுச் சின்னதாக்கி வைத்தேன். ஜிம்முக்குப் போகுமுன் ஒன்று போதும் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவரோடு ஜிம்முக்குப் போகிற ஒருவரின் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் தராசு வச்சு உருண்டைக்குக் கணக்கெல்லாம் போட்டுக் கண்டுபிடிச்சாராமே? ஜிம்மில எல்லாருக்கும் வகுப்பே எடுத்துட்டாராம். எங்க வீட்டுக்காரர் அதக் கேட்டுட்டு வந்து எனக்க உயிர எடுக்காரு. மிக்ஸியில ஈச்சம்பழம் சிக்குதே, அத மட்டும் அவர்ட்ட கேட்டுச் சொல்லுதியளா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் கொண்டுபோய் அவர் காதில் வைத்தேன்.