யமன் திசையில் ஒரு பட்டன்

திருப்பதியில் குழந்தைகளுக்கான பட்டுப்பாவாடை விற்கிற கடைக்காரரிடமிருந்து மெயில் வந்தபோது, சித்தூரில் என் வீட்டு நாற்காலி என்னைவிட அதிகம் ஆடியது. பெங்களூரு கம்பெனி ஆட்குறைப்பு செய்ததில் ஊர் திரும்பியவன் நான். அந்தக் கடையின் வெப்சைட்தான் கையில் மிஞ்சிய ஒரே வேலை. அதுவும் போனால் மறுபடி பலமனேர் ரோட்டில் பெங்களூரு பஸ் ஏற வேண்டும்.

“இன்னாய்யா, மூஞ்சி பேயறஞ்சா மாதிரி கீது?” என்றாள் மனைவி.

“ஒண்ணுமில்ல. பட்டனை எடம் மாத்தச் சொல்றாங்க.”

“சட்டையிலயா?”

விஷயம் இதுதான். சித்தாந்தி என்று அங்கே சொல்லப்படும் வாஸ்து ஜோசியர் ஒருவர், எங்கள் பாவாடைப் பக்கத்தைத் தாளில் அச்சடித்து, மேல்பக்கம் வடக்கு என்று வைத்துப் பார்த்திருக்கிறார். ‘வாங்கு’ பட்டன் அடியில், அதாவது தெற்கே, யமன் திசையில். அதை ஈசான்யத்துக்கு, வலது மேல் மூலைக்கு ஏற்றி, படம், விலை, அளவு எல்லாவற்றையும் அதற்குக் கீழே அடுக்க வேண்டும்.

போன் செய்தேன். முதலாளிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அண்ணா என்றுதான் அதட்டுவார்.

“சார், என்ன வயசுக்குப் பாவாடைன்னு கேக்கறதுக்கு முந்தியே பட்டன் வந்துடும்.”

“கடைக்கி வாசல் ஃபஸ்ட்டா, கண்ணாடி பீரோ ஃபஸ்ட்டாண்ணா?”

எனக்கு வாசல் தெரியாது, வாடகை தெரியும். பட்டனை ஏற்றினேன். அளவு தேர்ந்தெடுக்காமல் தட்டினால் ‘அளவைத் தேர்வு செய்யவும்’ என்று சிவப்பில் வரும்படி வைத்தேன். மறுநாளே போன்.

“வாசல்லயே நின்னுக்கினு ஏன்ணா திட்டறீங்க? அத எடுத்துடுங்க.”

“எடுத்தா, பட்டியல்ல மொதல்ல இருக்கற ஒரு வயசு சைஸே ஆர்டர்ல தானா போயிடும் சார்.”

“சாமி பாத்துக்குவாரு.”

எடுத்தேன். ஆர்டர்கள் கொட்டின. சித்தாந்திக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு லட்டு வந்தது. அதைத் தின்றபடியே, எட்டு வயதுப் பெண்கள் வீட்டுக்கெல்லாம் தொட்டில் குழந்தையின் பாவாடை போய்க்கொண்டிருப்பதைக் கணக்குப் பார்த்தேன். பார்சல்கள் திரும்பி வந்து கடை மாடிப்படியை அடைத்தன. பண்டிகைக்குப் பாவாடை கிடைக்காத அம்மாக்கள் எழுதிய வசவுகள் தெலுங்கிலும் தமிழிலும் பக்கத்தை நிறைத்தன. அவை மட்டும் வாஸ்து பார்க்காமல் எல்லாத் திசையிலும் இருந்தன.

சித்தாந்தி மறுபடி வந்து பார்த்தாராம். முதலாளியின் கடைசி மெயில் சின்னது: “மூலை சரியாகத்தான் இருக்கிறது. மாற்றிய கை ராசியில்லை. வேறு ஆள் வைத்துவிட்டோம்.”

மனைவி அதைப் படித்துவிட்டு, “பஸ்ஸு எத்தினி மணிக்கி?” என்று மட்டும் கேட்டாள்.

பெங்களூருக்கு டிக்கெட் போட போனை எடுத்தேன். டிக்கெட் ஆப் எந்த சீட் என்று முதலில் கேட்டது. சொன்ன பிறகுதான் பட்டனைக் காட்டியது. அடியில், அப்பட்டமான யமன் திசையில். ஒரே தட்டில் வேலை செய்தது.