இறக்கத்தில் மூன்றாம் கியர்

அண்ணன் அந்தக் காரை வாங்கியதே ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு சின்னப் பிடிகளுக்காகத்தான். பேடல் ஷிப்டர். இடது பக்கம் கழித்தல் குறி, வலது பக்கம் கூட்டல் குறி. இடது பிடியை இழுத்தால் கியர் இறங்கும், வலதை இழுத்தால் ஏறும். ஆட்டோ காரிலேயே மேனுவல் மாதிரி ஓட்டலாம் என்று கிள்ளான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். சிக்னலை நெருங்கும்போதெல்லாம் டக் டக்கென்று இழுத்து இன்ஜினை உறும வைப்பான். பக்கத்தில் அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான்தான் கடுப்பாகிக் கத்துவேன். "நீ என்ன ரேஸா ஓட்டுற? முன்னால மீன் லோரி நிக்குது பாரு!"

என்னுடையது பழைய ஆட்டோ. பேடலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கியர் கம்பில் கார் தானே கியர் மாற்றிக்கொள்ளும் D, அதற்குக் கீழே 2, அதற்கும் கீழே L. மலை இறங்கும்போது கம்பை 2-க்கு இழுத்துவிட்டால் இன்ஜின் கத்தும். ஆனால் காரை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும், பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அண்ணிக்குப் பனிமூட்டம் பார்க்க ஆசை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. வருஷக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே நின்றவள். "கெந்திங் மலை மேல ஏறி ஒரு தடவ ஜில்லுன்னு நிக்கணும், வேற ஒண்ணும் வேணாம்" என்பாள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் இரண்டு காராகக் கிளம்பினோம். முன்னால் அண்ணனும் அண்ணியும், பின்னால் நானும் என் வீட்டுக்காரரும். நான்தான் ஓட்டினேன்.

மேலே அண்ணி ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பனிக்குள் நின்றாள். மூக்கு சிவந்து போயிருந்தது. "போதும்லா, வீட்டுக்குப் போலாம்" என்று அவளே சொல்லும் வரை நின்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன். அது மட்டும்தான் எனக்கு இன்றைக்கும் ஆறுதல்.

இறங்கும்போது மழை இல்லை, பாதை காய்ந்துதான் கிடந்தது. குறைந்த கியரில் போங்கள் என்று மலாய் மொழியில் பலகைக்குப் பலகை எழுதி வைத்திருந்தார்கள். நான் கம்பை 2-இல் போட்டேன். அண்ணன் வேகமாக முன்னால் போனான். ஒரு வளைவு தாண்டியதும் கவனித்தேன், அவன் காரின் பிரேக் விளக்கு அணையவே இல்லை. சிவப்பாக எரிந்துகொண்டே போனது. இரண்டு வளைவு கழித்து ஜன்னல் வழியாக வாடை வந்தது. கருகின வாடை.

"அண்ணிக்குப் போன் போடுங்க" என்றேன். வீட்டுக்காரர் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லுங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே போறான். இங்க வரைக்கும் கருகுது. கியர இறக்கச் சொல்லுங்க!"

போனில் அண்ணிக்குப் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "மூணுக்கு இழுத்துட்டேன்லா. பேடல்ல மூணு போட்டுத்தான் வரேன். அவள வாய மூடிக்கிட்டு ஓட்டச் சொல்லு."

"மூணா?" என்றாள் அண்ணி. "என்னங்க, இங்க மீட்டர்ல நம்பர் ஒண்ணும் காணோமே. வெறும் D-ன்னு இல்ல காட்டுது?"

"அது அப்படித்தான் காட்டும். ஒனக்கு என்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாதுதான். ஆனா மூணு இல்லையே."

"ஓரமா நிறுத்துடா!" என்று நான் கத்தினேன். "கொஞ்ச நேரம் ஆறட்டும், அப்புறம் போலாம்."

"கீழ வந்துட்டோம்லா, இன்னும் கொஞ்சந்தான்."

அதற்கடுத்த வளைவில் அவன் குரலே மாறிப்போனது. "பிரேக் மிதி உள்ள போகுது. பிடிக்க மாட்டேங்குது" என்றான். பிறகு போனில் பீப் என்று ஒரு சத்தம். இன்னொரு பீப். அவன் பேடலை இழுக்க இழுக்கக் கார் மறுத்த சத்தம் அது. அத்தனை வேகத்தில் கியரை இறக்கினால் இன்ஜின் தாங்காது என்று கியர்பாக்ஸ் மறுத்துவிடும். வேகம் குறைந்தால்தான் கியர் இறங்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய பிரேக்கோ சூடேறிச் செத்துப் போயிருந்தது.

"சாமி, சாமி" என்றாள் அண்ணி. எனக்குக் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை. அண்ணன் யோசித்து எடுத்த முடிவு சரிதான், போலீஸ்காரரும் அதையே சொன்னார். பள்ளத்தில் விழுந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். அவன் காரை இடது பக்கம் திருப்பி மலைப்பாறையில் உரசி நிறுத்தப் பார்த்தான். கார் நின்றது. நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவன் வலது பக்கம், பக்கத்தில் இருப்பவள் இடது பக்கம்.

நான் ஓடிப் போனபோது அவன் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் இன்னும் கழித்தல் பிடியில் இருந்தது. "இழுத்தேனே... இழுத்துத்தானே வந்தேன்" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையாலேயே அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அண்ணியின் காரியம் முடிந்தது. நாள் தவறாமல் பண்டமாரானில் அவன் வீட்டுக்குச் சோறு கொண்டு போவேன். சாப்பிடாமல் அதையே கேட்பான். "மூணுல போட்டேனே, ஏன் நிக்கல?" நான் தட்டை அவன் பக்கம் தள்ளி வைப்பேன்.

சில மாதம் கழித்து வாசலில் ஒரு கார் நின்றது. அதே மாடல், அதே கலர், செகண்ட் ஹேண்ட். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? ஊர்ல வேற காரே கெடைக்கலயா?" என்று கத்தினேன். அவன் சாவியை எடுத்தான். "ஏறு" என்றான். முன் கதவைத் திறக்கப் போனேன். "பின்னால" என்றான். இடது முன் சீட்டில் யாரையும் அவன் உட்கார விடுவதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். அதெல்லாம் ஒரு மேடா, சைக்கிளே ஏறிவிடும். உச்சியில் அவன் கியர் கம்பைத் தொடாமல் D-யிலேயே விட்டு, இடது பிடியை இழுத்தான். மீட்டரில் ஒரு நம்பர் வந்தது.

"பாத்துக்கிட்டே இரு" என்றான்.

பார்த்தேன். பாலம் இறங்கிக் கொஞ்ச தூரம் சமரோட்டில் போனதும் நம்பர் தானாக மறைந்தது. சத்தமே இல்லை. மறுபடியும் வெறும் D.

சுற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பாலம் ஏறினான். இந்த முறை கம்பை D-யிலிருந்து S என்கிற ஸ்போர்ட்டுக்குத் தள்ளிவிட்டு, பிறகு பிடியை இழுத்தான். நம்பர் வந்தது. இன்ஜின் கத்தியது. பாலம் இறங்கினோம், மார்க்கெட் தாண்டினோம், நம்பர் அப்படியே நின்றது.

"S போட்டா பெட்ரோல் குடிக்கும்னு நான் அதத் தொட்டதே இல்ல" என்றான். "கம்பு D-ல இருந்தா பேடல் இழுத்தது கொஞ்ச நேரந்தான் இருக்கும். அப்புறம் அதுவே பழையபடி போயிரும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இத வாங்கி நானே பாத்தேன்."

ஓரமாக நிறுத்தினான். காலியாக இருந்த இடது சீட்டை ஒரு தடவை பார்த்தான்.

"அவதான் சொன்னா, D-ன்னு காட்டுதுன்னு. சரியாத்தான் பாத்திருக்கா. நான்தான் ஒனக்கு என்னா தெரியும்னு கேட்டேன்."