எட்டு மார்க் வாங்கியவள் சொன்ன பத்துப் படங்கள்

கல்லூரி அலுவலகத்தில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் விழும் சத்தம் பாதியில் நின்றது.

"ஏம்மா, படிப்பை நடுவுலயே நிறுத்திட்ட?" என்று சான்றிதழ்களைக் கவனிக்கும் 'சர்டிபிகேட் சார்' கேட்டார்.

"முதல் டெஸ்ட்ல எட்டு மார்க் சார். அம்பதுக்கு. அவ்வளவுதான், பெயில்னு நினைச்சேன்."

"அட! மூணு டெஸ்ட் வைப்பாங்க. நல்லா எடுத்த ரெண்டைத்தான் கணக்குல எடுப்பாங்க. மோசமானது தானா போயிடும். யாரும் சொல்லலையா?"

"இல்ல சார்," என்றது தணிந்த குரல். தடுப்புக்கு இந்தப் பக்கம் கணினி முன் உட்கார்ந்திருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. அழுகையைக் கேட்டிருந்தால்கூட அவள் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள்.

அவளைக் கல்லூரி முழுக்க 'போஸ்டர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடங்களுக்கு முன் தட்டச்சு வேலைக்கு வந்தாள். பிறகு அறிவிப்புப் பலகைக்குப் படம் செய்தாள். கல்லூரிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கியபோது அதுவும் அவள் தலையில் விழுந்தது. ஒரு ரகசியத்தை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கல்லூரியில் படித்ததே கிடையாது. பள்ளி முடித்த கையோடு தாலி ஏறிவிட்டது.

வருடாவருடம் புதிய மாணவர்களுக்காக 'முன்பே தெரிந்திருந்தால்' என்றொரு கேரசல் அவள் போட வேண்டும். விரலால் தள்ளத் தள்ள ஒன்றன்பின் ஒன்றாக வரும் பத்துப் படங்கள். தெரியாத உலகத்தைப் பற்றி அவள் என்ன எழுதுவாள்? உதிக்கும் சூரியன், அதன்மேல் 'கனவு காண். நேரத்தை மதி. உன்னை நம்பு.' போன வருடம் பதினான்கு லைக். அதில் ஐந்து அலுவலகத்தினருடையது. ஒரு மாணவி, 'இதெல்லாம் எங்க வீட்டு காலண்டர்லயே இருக்கு' என்று கீழே எழுதியிருந்தாள். அந்த ஒரு வரி அக்காவை ஒரு வருடமாகக் குத்திக்கொண்டிருந்தது.

இன்று மாலை ஐந்து மணிக்குப் புதிய கேரசல் ஏற வேண்டும். திங்கட்கிழமை முதலாமாண்டு தொடங்குகிறது. திரையில் அதே சூரியன் உதித்துக்கொண்டிருந்தது.

"உன் ஒரிஜினல் சர்டிபிகேட்டு எல்லாம் லாக்கர்ல இருக்கு. ஆபீசர் கையெழுத்து வாங்கணும், ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் நீ கையெழுத்துப் போட்டா உன் பேரை ரிஜிஸ்டர்லேர்ந்து அடிச்சிடுவோம். பக்கத்து ரூம்ல உட்காரு, ஃபேன் இருக்கு," என்றார் சார்.

வந்து நின்றவள் மெலிந்த பெண். மருந்துக் கடை ஒன்றின் பெயர் பொறித்த சட்டை. அரை நாள் விடுப்பில் வந்திருந்தாள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையை மறைக்கப் போனாள். அதற்குள் அந்தப் பெண் படித்துவிட்டாள்.

"'உதவி கேட்கத் தயங்காதே'ன்னு போட்டிருக்கீங்களே. யார்கிட்டக்கா? எந்த ரூம்ல?"

அக்கா திகைத்துப் போனாள். பதினொரு வருடங்களில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். வாயை மூட முடியாமல் மற்றதும் வந்துவிட்டது. "நான் காலேஜே படிச்சதில்ல. நீ சொல்றியா?"

அந்தப் பெண் சிரித்தாள். "நல்ல ஜோடி போங்க. படிக்காத நீங்களும் பாதியில ஓடின நானும்!"

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். அக்காவின் விரல்கள் ஓடின.

"மாடியில இருநூத்திப் பதினாலு. புதன்கிழமை மூணு மணிக்குக் கணக்கு மேடம் சந்தேகம் கேட்க வாங்கன்னு உட்கார்ந்திருப்பாங்க. யாருமே போக மாட்டாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரம் கதவு வரைக்கும் போனேன்க்கா. கண்ணாடி வழியா பார்ப்பேன். தனியா பேப்பர் திருத்திட்டு இருப்பாங்க. உள்ள போய் என்ன கேட்கிறதுன்னு தெரியல. ஒண்ணுமே புரியலன்னு எப்படிச் சொல்றது? திரும்பி வந்துடுவேன்."

"இப்ப போனா என்ன கேட்பே?"

அவள் யோசித்தாள். "நோட்டைத் திறந்து, 'இந்த வரியிலிருந்து புரியல மேடம்'னு விரலை வைப்பேன். அது போதும்."

அக்கா அதை அப்படியே அடித்தாள். ஒரு படத்துக்கு ஒரே விஷயம், கைபேசியில் தெரிகிற பெரிய எழுத்து. அடுத்த படம்: 'வகுப்பில் எல்லாரும் தலையாட்டுவார்கள். என் வரிசையில் ஆறு பேர். நாலு பேர் பத்துக்குக் கீழே. எனக்கு அது விட்டுப் போன பிறகுதான் தெரியும்.' அதற்கடுத்தது: 'தனியாகச் சாப்பிடக் கூச்சமா? நூலகத்தின் பின்படிக்கட்டுக்குப் போ. உன்னைப் போலவே இன்னும் சிலர் இருப்பார்கள்.'

"முதல் படத்துல என்ன போடலாம்? அதைப் பார்த்துத்தான் விரல் நிக்கும்."

"என் மார்க்கைப் போடுங்க. பேர் வேணாம்."

"வலிக்காதாம்மா?"

"எனக்கு வலிச்சது போதும்க்கா. வேற யாராவது எட்டு வாங்குவாங்கல்ல? அந்தப் பிள்ளை பார்க்கட்டும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் மீதும் கோபப்படாமல், தான் விழுந்த பள்ளத்தின் அளவை எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறாளே! இந்தச் சின்ன உடம்பில் இத்தனை பெரிய மனதை எங்கே வைத்திருக்கிறாள்?

முதல் படத்தில் சூரியன் இல்லை. வெள்ளைப் பின்னணியில் மூன்று வரிகள் மட்டும்: 'முதல் டெஸ்டில் 50க்கு 8. பெயில் என்று நினைத்துக் கல்லூரியை விட்டேன். அது பெயில் இல்லை.'

ஒன்பது படங்கள் முடிந்ததும் அக்கா அச்செடுத்துக்கொண்டு தடுப்பைச் சுற்றி ஓடினாள். அந்தப் பெண்ணும் பின்னால் வந்தாள். தப்பான தகவல் போனால் சூரியனே மேல் என்று அக்காவுக்குத் தெரியும்.

சர்டிபிகேட் சார் விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "மூணுல ரெண்டு, சரி. இருநூத்திப் பதினாலு தப்பு. மேடம் இந்த வருஷம் இருநூத்தி எட்டுக்கு மாறிட்டாங்க. பரவாயில்லையே போஸ்டர், முதல் தடவையா உன் படத்தை நான் கடைசி வரைக்கும் படிக்கிறேன்!"

"கிண்டல் அப்புறம் சார். பத்தாவது படம் காலியா இருக்கு. கடைசியா ஒண்ணு கேட்கிறேன். பாதியில விட்டுப் போனவங்க திரும்ப வர முடியுமா?"

"வரலாமே. ஒரு வருஷத்துக்குள்ள கடிதம் கொடுத்தா முதல் செமஸ்டர்லயே மறுபடி சேரலாம். ஆனா ரிஜிஸ்டர்ல பேர் இருக்கணும். அடிச்சுட்டா முடியாது."

"இதை ஏன் சார் யார்கிட்டயும் சொன்னதில்ல?"

"யாரும் கேட்டதில்லம்மா," என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். மேஜைமேல் ஆபீசர் கையெழுத்தோடு வந்திருந்த அந்தப் பெண்ணின் கோப்பைத் திறந்து தேதியைப் பார்த்தார். "நீ எப்ப நின்ன? செப்டம்பரா? இது ஜூலை..."

விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தப் பெண் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சார் எடுத்து வைத்திருந்த பேனா மேஜைமேல் கிடந்தது. திறந்திருந்த ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. மூவரும் அந்த வெற்றிடத்தையே பார்த்தார்கள். ஒரு மணி நேரம் முன்னால் ஆபீசர் கையெழுத்து வந்திருந்தால்? மின்விசிறி இருக்கும் அறை வேறெங்காவது இருந்திருந்தால்?

"கடைல கேட்கணும்," என்றாள் மெல்ல. "அம்மாகிட்டயும் சொல்லணும். மறுபடி எட்டே வாங்கினா?"

"இருநூத்தி எட்டு. புதன் மூணு மணி," என்றாள் அக்கா. கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "நீயே சொன்னதுதானே."

அவள் பேனாவை எடுத்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அவள் ரிஜிஸ்டரை மூடி, சார் பக்கம் தள்ளி, "ஒரு வெள்ளைத்தாள் தாங்க சார்" என்றாள்.

மறுபடி சேரக் கேட்டு நின்றபடியே நாலு வரி எழுதினாள். சார் அதில் ஸ்டாம்ப் அடித்து நகலை அவளிடம் கொடுத்தார். அக்கா தன் கணினிக்குத் திரும்பி, அறை எண்ணைத் திருத்தி, பத்தாவது படத்தை அடித்தாள்: 'விட்டுப் போனாயா? ஒரு வருடத்துக்குள் வா. அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில், சர்டிபிகேட் சாரிடம் கேள். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேள்.'

ஐந்து மணிக்குக் கேரசல் ஏறியது. சில நிமிடங்களில் எத்தனையோ பேர் அதைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எண்களைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்க்கா. கடை மூடறதுக்குள்ள போகணும்."

"திங்கட்கிழமை?"

"பார்க்கலாம்," என்றாள். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.