என் இடது புருவமும் ஜெயராணியின் கண்ணாடியும்

என் தம்பியின் கல்யாணப் படங்களில் நான் வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இடது புருவத்தில் பாதி இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் அதை எடுத்தவள் ஜெயராணி. ஆகவே அவளைப் பற்றி நான் எழுதுவதில் கொஞ்சம் காரம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் ஹபீலாவின் சலூன் இருக்கிறது. அங்கே புருவம் எடுப்பவள் ஜெயராணி. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நம் முகத்துக்கு மேலே குனிந்து, சரசரவென்று எடுத்துவிடுவாள். நாற்பத்தெட்டு வயது. கிருலப்பனையில் வாடகை வீடு, படிக்கிற மகன் ஒருவன். அந்த வீடு ஓடுவது அந்த நூலில்தான்.

கல்யாணம் முடிந்ததும் சலூனுக்குப் போய் நன்றாகக் கத்தினேன். ஜெயராணி அசையவில்லை.

“சின்னதா கொஞ்சம் போயிருச்சு மிஸ். யாருக்கும் தெரியாது.”

ஹபீலா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“ஜெயராணி, கண்ணாடி போடாம இனி ஒருத்தர்ட புருவத்தையும் தொட வாணாம். அடுத்த ஞாயித்துக்கெழம கல்யாணப் பொண்ணு வாரா. அதுக்குள்ள சரிவராட்டி நுகேகொடையில ஈக்கிற புள்ளையத்தான் வேலைக்கி எடுக்கணும்.”

அன்றிலிருந்து ஜெயராணி கையில் தும்புத்தடி. எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அவள் தரையில் கிடந்த மயிரைக் கூட்டுவதைப் பார்க்கப் பிடிக்கவும் இல்லை. கண்ணாடி வாங்கத் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டாள். சிங்களத்தில் யாராவது வேகமாகக் கதைத்தால் தனக்குப் பயமாம். போனேன்.

ஜெயராணிக்குப் பொருள் வாங்குவதில் ஒரு கொள்கை உண்டு. மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். எந்த இடத்திலும் தன் தொழிலைச் சொல்லக் கூடாது.

“சலூன்னு சொன்னா சம்பாதிக்கிற ஆளுன்னு வெலய கூட்டிருவாங்க மிஸ். சும்மா வீட்ல இருக்கேன்னு சொல்லணும்.”

புடவைக் கடையில் இது சரிவந்திருக்கலாம். நானும் தலையாட்டினேன்.

முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பாதி நாள் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். பிறகு எழுத்துப் பலகையை வாசிக்க வைத்தார்கள், கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள், கடைசியாக மருந்து விட்டுக் கண்ணுக்குள்ளும் பார்த்தார்கள். நோய் ஒன்றும் இல்லை, வயதோடு வரும், கிட்டத்தில் இருப்பது தெரியாத குறைதான் என்றார்கள். அங்கேயே கண்ணாடி கொடுக்கிற கவுண்டர் இருந்தது. பிரேம் ஒரே தட்டில் அடங்கும் அளவுதான், எல்லாம் தலைமை ஆசிரியர்களுக்குச் செய்தது போல இருந்தன. வாசிப்புக் கண்ணாடி ஒன்பதாயிரம்.

அடுத்தது, மறுநாள், முஸ்அபின் கடை. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வீதியில் நிற்க வேண்டிய கடை.

“இரிங்கக்கா. என்ன வேல செய்றீங்க?”

“சும்மா வீட்ல தான்.”

ஆஸ்பத்திரியில் நம்பர் எழுதித் தந்த துண்டைப் பார்த்தான். மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும் பார்க்கிற, நடுவில் கோடு விழுந்த கண்ணாடி, பிரேமோடு ஆறாயிரத்து ஐந்நூறு என்றான். அதே துண்டுக்குத்தான். விலை குறைவு, பார்வை இரண்டு. ஜெயராணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

மூன்றாவது, காலி வீதியில் கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள பெரிய கடை. நாடு முழுக்கக் கிளை உண்டு. வாசலிலேயே ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். கோடே இல்லாமல் எல்லாத் தூரமும் தெரிகிற கண்ணாடி, வெளிச்சம் தெறிக்காத பூச்சு, கீறல் விழாத பூச்சு, ஒரு வருட உத்தரவாதம். நாற்பத்திரண்டாயிரம்.

ஜெயராணி தண்ணீரை மேசையில் வைத்தாள். சீட்டுக் காசு கைப்பையில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

“இதுதான் நல்லது மிஸ். வெலயப் பாத்தாலே தெரியுதுல்ல. ஞாயித்துக்கெழம பொண்ணு வருது. ரிஸ்க் எடுக்க முடியாது.”

மூன்று இடத்திலும் மூன்று வேறு வேறு சாமானுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தக்காளி விலை கேட்பது போலக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

“சல்லி குடுக்க முதல் என்ர வலது புருவத்தை எடுத்துக் காட்டு” என்றேன். “பாதி போன பக்கத்தை நீ தொட வேண்டாம்.”

உள்ளே கண் பரிசோதிக்கிற கஜீவன் என்ற பெடியன் அவளுக்குச் சோதனைப் பிரேமைப் போட்டு, வாசிக்கிற வில்லைகளைச் செருகினான். கையில் கொடுத்த அட்டையைக் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவள் கைப்பையிலிருந்து நூலை எடுத்தாள். கஜீவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளுடைய மூச்சு என் நெற்றியில் பட்டது. நூல் வரவில்லை.

“மிஸ், புருவம் புகையா தெரியுது.”

கண்ணைத் திறந்தேன். அவள் நூலைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு காசுக்கும் தெரியாவிட்டால் தன் கண்ணே போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

“அன்ரி, நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?” என்றான் கஜீவன்.

ஜெயராணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“சலூன்ல புருவம் எடுக்கிறேன் தம்பி.”

“அதை முதலே சொல்லியிருக்கலாமே. வாசிக்கிறதுக்குத்தான் நம்பர் பார்த்தனான். நீங்கள் அதைவிடக் கிட்டப் பார்க்கிறீங்கள்.”

வில்லையை மாற்றினான். இன்னொருமுறை மாற்றினான். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் என் புருவம் அவளுக்கு மயிர் மயிராகத் தெரிந்தது. பிறகு, வாசலில் சிரித்த பிள்ளைக்குக் கேட்கும்படியே, அந்த நாற்பத்திரண்டாயிரம் இவளுக்குச் சரிவராது என்றான். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிட்டப் பார்க்கிற பகுதி கீழேதான் இருக்கும், குனிந்து வேலை செய்கிறவள் அதால் பார்க்கவே மாட்டாள், கிட்டப் பார்க்க மட்டும் முழு வில்லை போதும். நல்ல பெடியன். அங்கே எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்களோ தெரியாது.

கண்ணாடி வாங்காததால் பரிசோதனைக்குக் காசு எடுத்தார்கள். கொடுத்துவிட்டு, நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு முஸ்அபிடம் வந்தோம்.

“அப்ப சும்மா வீட்ல ஈக்கலியா?” என்றான் அவன். அந்த வில்லை கையிருப்பில் இருந்தது. பின்னேரமே வெட்டிப் பொருத்தித் தந்தான். ஜெயராணி கடையிலேயே குனிந்து பார்த்தாள், கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது. மலிவுப் பிரேம். காதுக் கம்பியைச் சூடாக்கி வளைத்தான், திரும்பவும் விழுந்தது. கடைசியில் மூக்கை நன்றாகப் பிடிக்கிற வேறு பிரேமுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. எல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரிக் கண்ணாடியைவிடக் கூடத்தான் போனது. ஜெயராணி விலை பேசினாள், ஆனால் முன்பிருந்த உறுதி குரலில் இல்லை.

சனிக்கிழமை சலூனில் ஹபீலா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சோதனைக்கு முகம் என்னுடையதுதான், வேறு யார் கொடுப்பார்கள்? ஜெயராணி கண்ணாடியைப் போட்டு, நூலைக் கடித்து, குனிந்தாள். வலது புருவம் சரசரவென்று முடிந்தது. ஹபீலா முகம் பார்க்கிற கண்ணாடியை என்னிடம் தந்தாள். ஒரு மயிர் பிசகவில்லை.

“நாளைக்கு வெள்ளன வந்திருங்க” என்று அவளிடம் சொல்லிவிட்டு ஹபீலா காசு மேசைக்குப் போய்விட்டாள்.

ஜெயராணி போகவில்லை. இன்னும் குனிந்தபடியே நின்றாள். மெல்ல என் தாடையைப் பிடித்து முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். நூல் வாயிலிருந்து விழுந்தது.

“ஐயோ மிஸ்” என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்துவிட்டது. “இதோடயா கல்யாணத்துக்குப் போனீங்க?”

“ஓம்” என்றேன்.