முப்பது டிகிரியும் ஒரு சுவிட்சும்

பி.யூ.சி. சேர்த்துவிடும்போதே அப்பா சொல்லிவிட்டார். "ஒரே தடவதான். தேறுனா மேல படி. தேறலீன்னா சங்ககிரிக்குப் போயி உங்க மாமன்கூட லாரி ஏறிக்க." எங்கள் ஊர் வெண்ணந்தூர்ப் பக்கம். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த காலம். அவரைக் குறை சொல்ல முடியாது.

சேலத்தில் கல்லூரி. இயற்பியல் பிராக்டிகல் பரீட்சையில் எனக்குப் பட்டகம் வந்தது. முக்கோணக் கண்ணாடி வழியாக ஒளி எவ்வளவு வளைகிறது என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்குப் போட வேண்டும். நான் நிதானமாகப் பார்த்தேன். பட்டகத்தின் கோணம் அறுபது டிகிரி. ஒளி வளைந்தது நாற்பது. இரண்டையும் கூட்டிப் பாதி ஐம்பது. அறுபதில் பாதி முப்பது. ஐம்பதின் சைனை முப்பதின் சைனால் வகுக்க வேண்டும். லாக் டேபிளைப் பார்த்துப் போட்டேன். ஒன்று புள்ளி ஐந்து மூன்று. கண்ணாடிக்கு அவ்வளவுதான் வரும்.

வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் தாளை வாங்கினார். பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். எங்கள் கல்லூரியில் அப்போது யாரிடமும் அது கிடையாது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். சிவப்பாக எண்கள் எரிந்தன. நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம். நடுவில் என்ன வருகிறது என்று பார்க்காமல் கடகடவென்று தட்டினார்.

"உன் ரீடிங்குக்கு பாயிண்ட் டூ சிக்ஸ்தான் வருது. நீ எப்படி ஒண்ணரைன்னு எழுதினே?"

"லாக் டேபிள்ல போட்டனுங்க சார்."

"அறுபது, நாப்பது. அளந்தா இப்படி முழுசு முழுசா வருமா? விடை மனப்பாடம். ரீடிங்கை உக்காந்த இடத்துல எழுதியிருக்கே."

"பாத்துத்தானுங்க எழுதுனேன். ஒருக்கா நீங்களே பாருங்க."

"மெஷின் பொய் சொல்லுதா?"

பக்கத்து மேசையில் ஒருவன் சிரித்தான். எங்கள் விரிவுரையாளர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். ஒன்றுக்குக் கீழே எந்தக் கண்ணாடிக்கும் வராது என்று அவர்தான் எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார். எக்ஸ்டெர்னல் மார்க்கை மையில் போட்டார். "போ" என்றார். போனேன்.

ரிசல்ட்டில் இயற்பியல் போய்விட்டது. சர்டிபிகேட் வாங்கப் போனபோது விரிவுரையாளரைப் பார்த்தேன். அவராகவே சொன்னார்.

"உனக்கடுத்து இன்னொருத்தனுக்கும் பட்டகம்தான்ப்பா. அவனுக்கும் மெஷின்ல தப்பா வந்துச்சு. அப்பறந்தான் நோண்டிப் பாத்தாரு. பக்கத்துல டி, ஆர்னு ஒரு சின்ன சுவிட்சு. பைக்குள்ள கிடந்து ஆர் பக்கம் தள்ளிக்கிச்சு. ரேடியன், கோணத்துக்கு இன்னொரு அளவு. முப்பதுன்னு அடிச்சா அது முப்பது டிகிரின்னு எடுத்துக்கல, முப்பது ரேடியன்னு எடுத்துக்கிச்சு. வட்டத்தையே நாலே முக்கால் சுத்து சுத்தி வந்த மாதிரி. முப்பதோட சைன் மைனஸ்ல வருது, ஐம்பதோடதும் மைனஸ். வகுத்தா மைனஸ் அடிபட்டுப் போகுதில்ல, அதான் யாருக்கும் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"அப்பறமுங்க?"

"டி பக்கம் தள்ளிவிட்டுப் போட்டாரு. ஒண்ணரை வந்துச்சு. அந்தப் பையனுக்கு முழு மார்க்."

"எனக்குங்க?"

"நீ போயிட்டியே."

"தாளு அங்கதானுங்களே இருந்துச்சு?"

சிரிப்பு நின்றது. "மையில போட்ட மார்க்கப்பா. அடிச்சு எழுதினா யுனிவர்சிட்டில காரணம் கேப்பாங்க. தன் மெஷின்ல சுவிட்சு மாறிக்கிச்சுன்னு அவரு எழுதிக் குடுப்பாரா?"

"நீங்க சொல்லலீங்களா?"

"அடுத்த வருசமும் அவருதான் வருவாரு. இதே லேபுக்கு. மத்த பசங்களையும் நான் பாக்கணுமில்ல? செப்டம்பர்ல எழுது, பாத்துக்கலாம்."

எனக்குச் செப்டம்பர் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். சுவிட்சு, ரேடியன் எல்லாம் சொன்னேன். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டே கேட்டார். பொய் என்று அவர் நினைக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

"அந்த வாத்தியாரு இதை எழுதித் தருவாராடா?"

"மாட்டாருங்க."

"அப்பறம் என்ன பண்றது, சாமி?"

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

மறுவாரம் சங்ககிரி போனேன். மாமா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "காலேஜ் கை" என்றார். அங்கிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். தார்ப்பாய்க் கயிற்றைக் கையில் கொடுத்து மேலே ஏறச் சொன்னார். ஏறினேன்.