யாரோ ஒருவரின் முகம்

கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெபகுமாருக்கு வாடிக்கையாளரிடம் பூசி மெழுகத் தெரியாது. வினிதா கொடுத்த ஆல்பம் படத்தில் அவள் அப்பாவின் பாதி முகம் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டி உரிந்துபோயிருந்தது. வாட்ஸ்அப்பில் எழுதினார்:

“கறை, மடிப்பு, மங்கல் எல்லாம் சரிபண்ணிடலாம்மா. உரிஞ்சுபோன முகம் திரும்ப வராது. அப்பாவோட வேற போட்டோ இருந்தா அதுல இருந்து எடுத்துப் பொருத்தலாம். இல்லன்னா நான் போடறது வேற யாரோ முகம்தான்.”

மறுநாள் அவளே ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் முகம் இருந்த இடத்தில் ஏதோ செயலி செய்த மூஞ்சி, பற்பசை விளம்பரத்துக்கு இளிப்பதுபோல் இளித்தது. கீழே எழுதியிருந்தாள்:

“அஞ்சே நிமிஷத்துல வந்துடுச்சுண்ணா! அம்மாதான் யாருடி இந்த ஆளுன்னு கேக்கறாங்க. அவங்க கெடக்கறாங்க, நீங்க மாலை போடற மாதிரி பெரிய ஃபிரேமா போட்டுக் குடுங்க.”