பதினாறாம் நாளுக்கு ஒரு விண்ணப்பம்

ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்புக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். ஆண்டுதோறும் கரும்பலகையில் ஒரே மாதிரிக் கடிதம்தான்: அண்ணனின் திருமணத்தை முன்னிட்டு இரண்டு நாள் விடுப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அண்ணன் இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் தற்செயல் விடுப்பு கேட்டு எழுதி, தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவர் துக்கத்துக்கு வந்திருந்தவர். வாசித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வேற ஒண்ணு எழுதிக் குடுங்க சார். அவசரமில்ல."

‘பொருள்’ என்ற இடத்தில், அண்ணனின் திருமணத்தை முன்னிட்டு என்றே எழுதியிருந்தேன். பழகிப்போன கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

புதிதாக எழுதிக் கொடுத்தேன். பழையதைக் கிழிக்கப் போனேன், முடியவில்லை. நாற்பது வயதாகியும் அண்ணனுக்குப் பெண் அமையவே இல்லை. அவனுக்குக் கல்யாணம் என்று எழுதிய ஒரே தாள் அதுதான்.